செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: கிராங்க் சென்சார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் என்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா P0335-ன்னு வருது. கிராங்க் சென்சார்னா என்ன, எங்க இருக்கு?

P0335 என்பது கிராங்க் சென்சாரின் மின்பாதையைச் சுட்டும் பழுதுக் குறியீடு, அதாவது கோடு. என்ஜினுக்குள் பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அது இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டைவிரல் அளவுப் பொருள்தான் கிராங்க் சென்சார். ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். சென்சாரின் முனை அந்தப் பற்களைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு கம்ப்யூட்டருக்குப் போகும்.

பரவலாக இருக்கும் சக்கரத்தில் 60 பல்லுக்கான இடம் இருக்கும். அதில் அடுத்தடுத்த இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பல்லுக்கு 6 டிகிரி என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே வரும். அந்தப் பொக்கைவாய் இடம் வந்ததும் எண்ணிக்கையை அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். இடத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டு சாத்தியங்கள்: முன்பக்கம் கிராங்க் புல்லியின் அருகில், அல்லது பின்பக்கம் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஃப்ளைவீல் ஓரமாக. பின்பக்கம் இருந்தால் கைவிட்டு எடுப்பது சிரமம், சூடும் அதிகம்.

வண்டியில இத்தனை சென்சார் இருக்கு. இது ஒண்ணு போனா மட்டும் ஏன் வண்டியே நின்னுடுது?

மற்ற பல சென்சார்கள் பழுதானால் கம்ப்யூட்டர் ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு ஓட்டிவிடும். தண்ணீர் வெப்ப சென்சார் போனால் ‘சரி, சூடாகத்தான் இருக்கும்’ என்று வைத்துக்கொள்ளலாம். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அப்படி ஊகிக்க முடியாது. தவறான நேரத்தில் தீப்பொறி விழுந்தால் என்ஜினே சேதமாகலாம். அதனால் கிராங்க் துடிப்பு வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பொறியையும் இன்ஜெக்டரையும் நிறுத்திவிடும். பல வண்டிகளில் எரிபொருள் பம்பையும் சேர்த்து நிறுத்தும்.

சில என்ஜின்கள், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைக் கவனிக்கும் கேம் சென்சாரின் துணையோடு ஒப்பேற்றும். அவற்றில் செல்ஃப் வழக்கத்தைவிட நெடுநேரம் சுற்றிய பிறகு என்ஜின் பிடிக்கும்; ஓடினாலும் இழுவை இருக்காது, ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது. எல்லா வண்டியிலும் இந்த வசதி கிடையாது.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கவே மாட்டேங்குது. இது கிராங்க் சென்சாரா, பெட்ரோல் பம்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரின் நேரடித் தகவலில் RPM என்ற வரியைப் பாருங்கள். சென்சார் நன்றாக இருந்தால் 150 முதல் 250 வரை ஏதோ ஒரு எண் காட்டும். என்ஜின் சுற்றுவது காதில் கேட்கிறது, திரையில் 0 என்றால், துடிப்பு கம்ப்யூட்டருக்கு வந்து சேரவில்லை. சென்சார், வயரிங், பல் சக்கரம், கம்ப்யூட்டர் ஆகிய நான்கில் ஒன்று. RPM சரியாக வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பம்ப், இம்மொபிலைசர், காயில் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

ஸ்கேனர் கையில் இல்லையென்றால் டாஷ்போர்டில் உள்ள ஆர்.பி.எம் முள்ளைக் கவனிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது முள் சற்றே எழும்பினால் துடிப்பு வருகிறது. ஆனால் எழும்பாததை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில வண்டிகளில் என்ஜின் பிடிக்கும்வரை முள் அசையாதபடியே வடிவமைத்திருப்பார்கள்.

பம்ப் சத்தம் நிறையப் பேரைத் திசைதிருப்பும். சாவியைத் திருப்பியதும் பல பெட்ரோல் வண்டிகளில் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். கிராங்க் துடிப்பு வந்தால்தான் மறுபடி ஓடும். அதனால் ‘செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது’ என்று பம்பை மாற்றுவது இந்தப் பழுதில் சகஜமாக நடக்கும் தவறு. பம்ப் சும்மா இருப்பதற்கே காரணம் சென்சாராக இருக்கலாம்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு ஆஃப் ஆகுது. அரை மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. என்ன மாயம் இது?

சூடுதான். இரண்டு வயர் கொண்ட காந்த வகை சென்சாருக்குள் தலைமுடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டு, பிசினில் புதைக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தக் கம்பியில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் முழுச் சூட்டை எட்டியதும் பிசின் விரிவடைந்து முனைகளைப் பிரித்துவிடும். மின்பாதை அறுந்ததும் துடிப்பு நிற்கும், என்ஜினும் நிற்கும். ஆறினால் முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

எரிபொருள் தீர்ந்து நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி இருமும், திணறும், கொஞ்சம் இழுத்துப் பார்க்கும். கிராங்க் துடிப்பு அறுந்த வண்டி, சாவியை நீங்களே அணைத்ததைப் போலச் சத்தமில்லாமல் நிற்கும். ஆர்.பி.எம் முள் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஓடி முடித்து நிறுத்திய பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதே கதைதான். என்ஜினை அணைத்ததும் காற்றோட்டமும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், உள்ளிருக்கும் சூடு வெளியே ஏறி, சென்சார் இருக்கும் இடம் ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகவே சூடாகும்.

நடு ரோட்டுல இப்படி நின்னா உடனே என்ன செய்யணும்?

ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, உருளும் வேகம் இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள். பவர் உதவி குறைந்தோ நின்றோ போகலாம் என்பதால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு அழுத்தலுக்கான வெற்றிடம் மிச்சமிருக்கும். அதை விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்து நிறுத்துங்கள். சாவியை முழுவதும் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஒருமுறை இப்படி நின்ற வண்டி மறுபடி நிற்கும். எப்போது என்பதை மட்டும் சொல்ல முடியாது. பழுது சரியாகும்வரை வேகச் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சென்சார் மேல தண்ணி ஊத்தினா உடனே ஸ்டார்ட் ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பல நேரங்களில் ஆகும். மேலே சொன்ன விரிசல் குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம். வீடு சேர உதவும். கூடவே பழுது அந்த இடத்தில்தான் என்பதற்கு ஓரளவு சான்றும் ஆகும். சென்சார் மீது மட்டும், கொஞ்சமாக. கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய் மீதோ கப்ளர்களுக்குள்ளோ போகக் கூடாது. பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஓடும் வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம், அரை மணி நேரம் காத்திருங்கள்.

ஒரு தடவை P0335 வருது, இன்னொரு தடவை P0336 வருது. ரெண்டும் ஒண்ணா?

P0335 என்றால் துடிப்பே வரவில்லை, மின்பாதையில் கோளாறு. P0336 என்றால் துடிப்பு வருகிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது: 58 பல் எண்ண வேண்டிய இடத்தில் 57 வந்தது அல்லது 60 வந்தது. P0337 சிக்னல் மட்டம் குறைவு, P0338 அதிகம். P0339 விட்டு விட்டு வருகிறது.

சென்சார் செத்துப்போனால் பெரும்பாலும் P0335 வரும். P0336-ஐப் பார்த்ததும் சென்சாரை மாற்றப் போகாதீர்கள்; முதலில் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, இடைவெளி சரியா, பல் சக்கரம் ஆடுகிறதா என்று பாருங்கள். எந்தக் கோடாக இருந்தாலும் அது சுட்டுவது ஒரு பாதையை; அந்தப் பாதையில் எந்தப் பொருள் கெட்டது என்று கோடுக்குத் தெரியாது.

வண்டி ஸ்டார்ட்டே ஆகல, ஆனா ஸ்கேனர்ல கோடே இல்லையே. அப்போ சென்சார் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. துடிப்பு வரவில்லை என்றால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை என்ஜின் சுற்றவே இல்லை. நிற்கும் என்ஜினில் துடிப்பு வராதது குற்றமில்லையே! கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வந்து, கிராங்கிலிருந்து வராமல் இருந்தால்தான் பல கம்ப்யூட்டர்களுக்கு முரண்பாடு தெரியும். அதுவும் சில விநாடி தொடர்ந்தால்தான் கோடு பதியும். அதனால் கோடைவிட, செல்ஃப் அடிக்கும்போது RPM என்ன காட்டுகிறது என்பதையே நம்புங்கள்.

டைமிங் பெல்ட் அறுந்திருந்தாலும் செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. அப்போது கிராங்க் சுற்றுவதால் RPM வரும். கேம் துடிப்பு வராது. செல்ஃப் சத்தமும் வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகமாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் மேற்கொண்டு செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள்.

என் சென்சார்ல ரெண்டு வயர் இருக்கு, நண்பன் வண்டியில மூணு இருக்கு. டெஸ்ட் பண்றதுல வித்தியாசம் உண்டா?

உண்டு. இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் காந்த வகை. தானே மின்சாரம் உண்டாக்கும், வெளியிலிருந்து சப்ளை தேவையில்லை. ஓம் அளவில் சோதிக்கலாம். மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை: சப்ளை, எர்த், சிக்னல். அதற்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் அளப்பதில் பயனில்லை, சில நேரம் மீட்டரே அதைக் கெடுத்துவிடும்.

குழப்பத்துக்கும் இடமுண்டு. சில காந்த வகைகளில் மூன்றாவது வயர் இருக்கும். அது வெறும் ஷீல்டு. சந்தேகமிருந்தால் சென்சார் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயரிங் பக்கக் கப்ளரின் முனைகளை எர்த்தோடு வைத்து வோல்ட் பாருங்கள். ஒரு முனையில் உறுதியான 5 அல்லது பேட்டரி அளவு வோல்ட், இன்னொன்றில் நல்ல எர்த் என்றால் ஹால் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி.

ரெண்டு வயர் சென்சாரை மல்டிமீட்டர் வச்சு எப்படிப் பார்க்கிறது? எவ்வளவு வந்தா சரி?

சாவியை அணைத்து, சென்சார் கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனைகளுக்கிடையே ஓம் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலானவை 500 முதல் 1,500 ஓம் வரைக்குள் அடங்கும். மீட்டர் OL என்று காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட். பிறகு ஒவ்வொரு முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். அங்கே OL வருவதுதான் சரி.

அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அதே இரண்டு முனைகளில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கப்ளர் கழன்றிருப்பதால் பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் பிடிக்காது என்பது இங்கே வசதி. ஆனாலும் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், மீட்டர் வயர் பெல்ட் பக்கம் தொங்க வேண்டாம். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ துள்ளிக்கொண்டே வந்தால் பொதுவாக நலம். 0.2 வோல்ட்டைக்கூடத் தாண்டவில்லை என்றால் இடைவெளி அதிகம், முனையில் தூள், அல்லது சென்சார் பலவீனம்.

இங்கே பேட்டரியையும் மறக்கக் கூடாது. காந்த வகையில் வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும். தளர்ந்த பேட்டரியால் செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றினால், நல்ல சென்சார்கூடக் கம்ப்யூட்டருக்கு எட்டாத அளவு மெல்லிய துடிப்பைத்தான் தரும். முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு அளவெடுங்கள்.

குளிர்ந்த என்ஜின்ல அளந்தா எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் எப்படி பிடிக்கிறது?

வண்டி நின்றுபோன அந்த நிமிடத்தில் அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் மேலே சொன்ன விரிசல் ஒட்டிக்கொண்டு, நல்ல பிள்ளைபோல நடிக்கும். அதனால் மீட்டரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, பழுது வரும்வரை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். திறந்த வெளியில், மூடிய அறையில் கூடாது.

சூட்டில் ஓம் கொஞ்சம் ஏறுவது இயல்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 880 ஓம் காட்டிய சென்சார் 100 டிகிரியில் 1,110 ஓம் வரை காட்டினால் அது ஆரோக்கியம். அங்கே OL வந்தாலோ, எண் நிற்காமல் குதித்தாலோதான் பழுது.

சென்சாரைக் கழற்றிவிட்டீர்கள் என்றால் முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கிக்கொண்டே மீட்டரைப் பார்க்கலாம். நேரடி நெருப்பு காட்டாதீர்கள்; நல்ல சென்சாரும் கெடும்.

புது சென்சார் போட்டாச்சு, ஒரு வாரம் ஓடுச்சு, மறுபடியும் அதே P0335. டூப்ளிகேட் மாட்டிட்டாங்களா?

அதுவும் நடக்கக் கூடியதுதான். ஆனால் இரண்டாவது சென்சார் வாங்குவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள். எண்களோடு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயர் சென்சார், ஃப்ளைவீல் பக்கம். இருபது நிமிடம் ஓடினால் நிற்கிறது. குளிர்ந்தபோது சென்சாரில் 880 ஓம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் கப்ளரை உருவி, அதே இரண்டு வயர்களின் முனையில் அளந்தால் 881. அதாவது சென்சாரும் நெடுக ஓடும் வயரும் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கின்றன.

இப்போது மறுபடி இணைத்து, ஓடவிட்டு, நின்றதும் அதே இரண்டு இடங்களில் அளக்கிறோம். சென்சாரில் 1,110. கம்ப்யூட்டர் முனையில் OL. சென்சார் சூட்டிலும் சரியாக இருக்கிறது. நடுவில்தான் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு முனையும் கழன்ற நிலையில் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே நுனி முதல் நுனி வரை பார்த்தால் ஒன்று 0.4 ஓம், இன்னொன்று OL. மீட்டரை அந்த வயரிலேயே விட்டுவிட்டு வயர்க்கட்டை சாணுக்குச் சாண் மெல்ல வளைத்துக்கொண்டே வர வேண்டும். என்ஜினுக்குப் பின்னால், வயர்க்கட்டு பாடியில் இறுக்கிய கிளிப்பிலிருந்து என்ஜினுக்குத் தாவும் இடத்தில் எண் 0.5-க்கும் OL-க்கும் இடையே துள்ளுகிறது. மேல்தோலில் கீறல்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சையேறி அறுந்து, தோலின் இறுக்கத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கின்றன. என்ஜின் ஆடும், பாடி ஆடாது. பல ஆண்டு அந்த ஒரே இடம் மடங்கி மடங்கி நைந்துவிட்டது. சூடேறித் தோல் இளகியதும் இழைகள் விலகின. புது சென்சார் மாட்டும்போது வயர்க்கட்டு கொஞ்சம் இழுபட்டு, இழைகள் மறுபடி நெருங்கியதால் ஒரு வாரம் ஓடியது. அவ்வளவுதான்.

சரிசெய்யும்போது நைந்த பகுதியை முழுவதும் வெட்டி எடுத்து, அதே தடிமன் வயரை, முன்பு இருந்ததுபோலவே இரண்டையும் முறுக்கி இணையுங்கள். அந்த முறுக்கு அழகுக்கு இல்லை. பக்கத்திலிருக்கும் காயில் வயர்களின் இரைச்சல் சிக்னலில் ஏறாமல் காப்பதே அதுதான். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். வயர் இரண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது. மாறினால் அலை தலைகீழாகும், கம்ப்யூட்டர் அந்தப் பொக்கைப் பல்லைத் தவறாக எண்ணும். ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகியும் உதறும்.

கப்ளர் முனையில மீட்டர் குச்சியைக் குத்தினப்புறம் புதுசா பிரச்சினை ஆரம்பிச்சுது. ஏன்?

பெண் முனைக்குள் தடித்த குச்சியைத் திணித்தால் அதன் மெல்லிய இதழ்கள் விரிந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஆண் முனை உள்ளே தளர்வாக நிற்கும், குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போகும். முனையின் அளவே உள்ள மெல்லிய ஊசியை மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது கப்ளரின் பின்பக்கமாக வயரை ஒட்டிச் செருகி அளவெடுங்கள். விரிந்த முனையை இறுக்கிப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவதே மேல்.

மூணு வயர் சென்சாரை எப்படிப் பார்க்கிறது?

கப்ளர் மாட்டியபடியே, சாவி ஆனில், பின்பக்கமாக ஊசி செருகி அளக்க வேண்டும். சப்ளை வயரில் மேனுவல் சொல்லும் வோல்ட் வருகிறதா, எர்த் வயரில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இவை இரண்டும் இல்லாமல் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. பிறகு சிக்னல் வயரில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றும் நேரம் முழுவதும் யாரும் சாவிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் வோல்ட் பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே மாறி மாறி விழ வேண்டும். ஒரே இடத்தில் உறைந்து நின்றால் சென்சார் போய்விட்டது.

சென்சார் முனையில இரும்புத்தூள் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டியிருந்துச்சு. துடைச்சுப் போட்டா போதுமா?

துடைத்தால் சிக்னல் திரும்பிவிடும், P0336 போய்விடும். ஆனால் தூள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முனை காந்தம் என்பதால் பொடியாகக் கொஞ்சம் ஒட்டுவது இயல்பு. சிலும்பு சிலும்பாக, கையில் நெருடும் துணுக்குகள் என்றால் ஃப்ளைவீல் பல்லையோ செல்ஃப் மோட்டாரின் பல்லையோ ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது கரகரப்பும் கேட்கும்.

முனையில் உரசிய தடம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பல் சக்கரம் வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்து ஆடுகிறது. அங்கே எத்தனை சென்சார் போட்டாலும் உரசிக்கொண்டேதான் இருக்கும். கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலை பார்த்து முடித்த கையோடு இந்தக் கோடு வந்தால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மீதே போகட்டும். சென்சார் துளை வழியே விளக்கடித்து, என்ஜினைக் கையால் சுற்றி, பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சென்சார் எண்ணெயில் ஊறிக் கிடந்தால் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்சாரை நானே மாத்திக்கலாமா?

கை எட்டும் இடத்தில் இருந்தால் மாற்றலாம். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கீழிருந்து வேலை என்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது துளைக்குள் விழும். கப்ளர் பூட்டை அழுத்தி உருவுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான், தலை 10 மில்லிமீட்டர்.

போல்ட் வந்தும் சென்சார் வராது. அது அங்கே பிடித்துக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, சற்று நேரம் விட்டு, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தலை முறிந்து உடல் துளைக்குள் தங்கிவிடும்; பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகும். புதியதை மாட்டும் முன் பழையதோடு நீளத்தையும் முனையையும் ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே இடைவெளி இரட்டிப்பாகும். ரப்பர் வளையத்தில் ஒரு துளி என்ஜின் ஆயில் தடவி, கையாலேயே அழுத்தி உட்கார வையுங்கள். முழுவதும் உட்காராத சென்சாரை போல்ட்டால் இழுத்து உட்கார வைக்க முயன்றால், போல்ட் நுழையும் அதன் காது உடையும். அந்த அளவு போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே வழக்கம். அதாவது குட்டை ஸ்பானரில் கைமணிக்கட்டு அழுத்தம்தான்.

மாத்தினப்புறம் ஸ்கேனர்ல ஏதோ கத்துக்கொடுக்கணும்னு சொல்றாங்க. எல்லா வண்டிக்கும் வேணுமா?

எல்லா வண்டிக்கும் வேண்டாம். பல் சக்கரத்தின் பற்களில் தயாரிப்பின்போதே நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். சில கம்ப்யூட்டர்கள் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, எந்த சிலிண்டர் எரியாமல் விட்டது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தும். அத்தகைய வண்டியில் சென்சார், ஃப்ளைவீல், கம்ப்யூட்டர் இவற்றில் எதை மாற்றினாலும் புதிதாகப் படிக்கவைக்க வேண்டும். செய்யாவிட்டால் P0315 வரலாம், அல்லது இல்லாத மிஸ்ஃபயரைச் சொல்லும். வண்டி ஓடுவதற்கு இது பெரும்பாலும் தடையில்லை. இந்தச் செயலை ஸ்கேனர் வழிநடத்தும்: என்ஜின் முழுச் சூட்டில் இருக்க, பிரேக்கை மிதித்தபடி, திரை சொல்லும் வேகம்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி, எரிபொருள் தானாக வெட்டுப்பட்டதும் உடனே விட வேண்டும்.

எல்லாம் மாத்தியாச்சு, வண்டியும் நல்லா ஓடுது. லைட் மட்டும் அணைய மாட்டேங்குதே?

ஸ்கேனரால் அழிக்கலாம். அழிக்காவிட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை நடந்து பழுது தென்படவில்லை என்றால் விளக்கு தானாக அணையும். கோடு மட்டும் ஏறக்குறைய 40 முறை என்ஜின் சூடாகி ஆறும்வரை நினைவில் கிடக்கும். அழிப்பதற்கு முன், பழுது பதிந்த நொடியின் வேகம், தண்ணீர்ச் சூடு ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருப்பதை ஸ்கேனரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி வந்தால் ‘95 டிகிரியில்தான் வருகிறது’ என்ற ஒரு வரி பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

P0335-ம் P0340-ம் ஒண்ணா வருது. கிராங்க், கேம் ரெண்டு சென்சாரும் ஒரே நாள்ல போயிருக்குமா?

அது அபூர்வம். இரண்டும் ஹால் வகை என்றால் பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் சப்ளையையும் ஒரே எர்த்தையும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலே சப்ளை இறங்கி மற்றதும் ஊமையாகிவிடும். சப்ளை வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு, அந்த வரிசையில் உள்ள சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் வோல்ட் 5-க்கு எழும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் எழும்பவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டரிலிருந்தே சப்ளை வரவில்லை.

P0016 தனியாக வந்தால் அது வேறு விவகாரம். இரண்டு சென்சாரும் பேசுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அங்கே சென்சாரைக் கழற்றுவதற்கு முன் டைமிங் குறிகளைப் பாருங்கள்.